விழுந்த கட்டடம் எங்கே போனது? பொய்யான பேரிடர்ப் படங்களைச் சோதிப்பது எப்படி

2023 பெப்ரவரி 6ஆம் திகதி துருக்கியையும் சிரியாவையும் 7.8 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. அடுத்த சில நாட்களில், இடிபாடுகளுக்கு நடுவே ஒரு தீயணைப்பு வீரர் சிறு பிள்ளையை அணைத்தபடி நிற்கும் படம் சமூக ஊடகங்களில் பரவியது. அந்தப் படத்தைப் போட்டு, கிரிப்டோ நாணயத்தில் நன்கொடை அனுப்புங்கள் என்று மோசடிக்காரர் கேட்டார்கள். படம் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது. வீரரின் வலது கையில் ஆறு விரல்கள் இருந்தன.

அன்றிலிருந்து "விரலை எண்ணிப் பாருங்கள்" என்பதே எல்லோருடைய அறிவுரையாகிவிட்டது. அது இப்போது போதாது. விரல் விடயத்தில் படம் உருவாக்கும் மென்பொருள்கள் வெகுவாகத் தேறிவிட்டன. கைக்கு ஐந்து விரல் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்பதால் பிழை உடனே பிடிபட்டது, திருத்தவும்பட்டது. ஆனால் இடிந்த கட்டடம் ஒன்றின் குவியல் எப்படி இருக்கவேண்டும் என்பது நம்மில் அநேகருக்குத் தெரியாது. அதனால் அங்கே நடக்கும் பிழைகள் பிடிபடாமலே போகின்றன. பேரிடர்ப் படத்தைச் சோதிக்க விரும்புகிறவர் முகத்தையும் கையையும் விட்டுவிட்டு முதலில் குவியலைப் பார்க்கவேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்களுக்கு இது தூரத்து விடயமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கனடாவிலோ லண்டனிலோ சூரிச்சிலோ ஒருவர் இருக்கிறார். "யாழ் நகரில் அனர்த்தம்" என்று ஒரு படம் குடும்ப வட்ஸ்அப் குழுவில் விழுந்தால், அங்கே நடு இரவில் எழும்பிப் பதறுகிறார்கள், போன் எடுக்கிறார்கள், காசு அனுப்பவும் தயாராகிறார்கள். அந்தப் பதற்றத்தில் இருக்கும் ஒருவர் போனில் பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த மென்பொருள்கள் ஏன் இப்படிப் பிழைவிடுகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவை கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியவை. பெரும்பாலானவை வெறும் புள்ளிக் குழப்பத்தில் தொடங்கி, படிப்படியாக அதைத் துடைத்துத் துடைத்து, தாம் பழகிய படங்களைப் போன்ற ஒன்றாக மாற்றுகின்றன. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வரும், உடைந்த சுவருக்குக் கீழே என்ன மாதிரியான சொரசொரப்பு வரும் என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியும். ஆனால் ஒரு தூண் எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது, அது முறிந்தால் மேலே இருந்தது எந்தப் பக்கம் விழும் என்ற கணக்கு அவற்றின் வேலையில் எங்கேயும் வருவதில்லை. ஆயிரம் கிடுகு வேலிகளைப் பார்த்த, ஆனால் ஒரு நாளும் வேலி அடைத்தறியாத ஒருவர் வேலி கீறினால் எப்படி இருக்குமோ அப்படித்தான். தூரத்தில் வேலிதான். கிட்டப்போனால் கிடுகைக் கதியாலோடு கட்டிய கயிறு எங்கும் இராது.

எங்கள் சனசமூக நிலையத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக நாங்களே ஒரு படத்தை உருவாக்கினோம். அது வெளியே போய் யாரையும் பயமுறுத்தக்கூடாது என்பதற்காக, படத்தின் குறுக்கே "உருவாக்கிய படம்" என்று பெரிய எழுத்தில் போட்ட பிறகுதான் காட்டினோம். மென்பொருளிடம் கேட்டது இவ்வளவுதான்: யாழ்ப்பாண நகரில் நிலநடுக்கம், நான்கு மாடிக் கட்டடம் பாதி இடிந்திருக்கிறது, தீ எரிகிறது, வீதியில் சனம்.

வந்த படம் முதல் பார்வைக்கு நெஞ்சை உலுக்கும். இடப்பக்கம் பாதி இடிந்த கட்டடம். அதன் முன்னால் வீதியை மறித்து ஒரு சாம்பல் நிறக் குவியல். இரண்டாம் மாடி யன்னல்களில் தீ. வீதி முழுக்க ஓடிவரும் சனம். வீதியின் கடைசியில் ஒரு கோபுரம், அதற்கும் பின்னால் மங்கலாக ஒரு மலை. மலையைக் கண்டதும் பிள்ளைகள் பிடித்துவிட்டார்கள். குடாநாட்டில் எங்கே மலை? சுண்ணாம்புக்கல் மேல் தட்டையாகக் கிடக்கிற நிலம் இது. மென்பொருள் பழகிய நிலநடுக்கப் படங்களில் பெரும்பாலானவை துருக்கி, நேபாளம் போன்ற மலைநாடுகளில் எடுத்தவையாக இருந்திருக்கும், மலை அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் அடுத்த முறை பொய்ப்படம் செய்கிறவர் "மலை வேண்டாம்" என்று ஒரு சொல் சேர்த்தால் அது போய்விடும். ஒரு சொல்லால் போகாத பிழைகளைத்தான் நாங்கள் தேடவேண்டும்.

குவியலில் இருந்து தொடங்குங்கள்

இந்தப் படத்தை, முப்பது வருடத்துக்கு மேலாகக் கட்டட வேலை செய்யும் மேசன் அண்ணை ஒருவருக்கும் காட்டினோம். அவர் சனத்தையும் தீயையும் பார்க்கவே இல்லை. குவியலை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுக்குள்ளை கம்பி எங்கை? இவ்வளவு கொங்கிறீட் விழுந்து கிடக்கெண்டா கம்பி பிதுங்கிக்கொண்டு நிக்கவேணுமே. அதோடை, மேலை நிண்ட தட்டு எங்கை? ஒரு தட்டும் இல்லை, எல்லாம் கல்லாக் கிடக்கு."

அவர் கேட்ட இரண்டு கேள்விகளிலும் விடயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கொங்கிறீட் கட்டடம் ஒன்று விழும்போது அது கல் கல்லாக உதிர்வதில்லை. உள்ளே கம்பி ஓடுவதால் தட்டுகள் பெரிய பெரிய பலகைகளாகவே முறிந்து, ஒன்றின் மேல் ஒன்று சரிந்து கிடக்கும். முறிந்த ஓரங்களில் கம்பிகள் வளைந்து தொங்கும், சில இடங்களில் இரண்டு துண்டுகளைக் கம்பி மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். சீமெந்துக் கல் சுவர்கள்தான் கல்லாகவும் துண்டாகவும் உதிரும். எங்கள் பழைய கல்வீடு என்றால் கதை வேறு: சுண்ணாம்புக்கல், சாந்து, ஓடு, பனை மரச் சிலாகை இவைதான் குவியலில் கிடக்கவேண்டும், கம்பி இருக்காது. எது விழுந்ததோ அதனால் ஆனதாகத்தான் குவியல் இருக்கமுடியும். எங்கள் படத்தில் நின்ற பாதி கொங்கிறீட் கட்டடம், விழுந்த பாதி வெறும் சாம்பல் நிறக் கற்குவியல். இரண்டும் ஒரே கட்டடத்தின் பாதிகள் என்று நம்ப வழியில்லை.

அடுத்தது அளவுக் கணக்கு. ஒரு மாடிக்கு ஏறத்தாழ 10 அடி உயரம் என்று வையுங்கள். அதில் தட்டின் தடிப்பு 5 அல்லது 6 அங்குலம்தான். சுவர்கள், தளபாடங்கள் போக மீதி எல்லாம் வெறும் காற்று. ஆகவே 40 அடி உயரமான நான்கு மாடிக் கட்டடம் நேரே கீழே அமர்ந்தால் குவியல் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில், 12 அல்லது 15 அடிக்கு, நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். பக்கவாட்டில் சரிந்து பரவினால் இன்னும் தாழ்வாக இருக்கும். பொய்ப்படங்களில் இந்தக் கணக்கு இரண்டு விதமாகப் பிழைக்கும். சிலவற்றில் கட்டடத்தின் பாதியைக் காணவில்லை, ஆனால் கீழே முழங்கால் அளவு கல்தான் கிடக்கும். வேறு சிலவற்றில் வீதி முழுக்க மலைபோல் இடிபாடு, ஆனால் இரண்டு பக்கமும் எல்லாக் கட்டடமும் முழுதாக நிற்கும். எங்கள் படம் இரண்டாவது வகைக்குக் கிட்ட. குவியல் கட்டடத்தின் காலடியில் இருந்து தொடங்காமல் வீதியின் நடுவில் தனியாக இருந்தது. யாரோ லொறியில் கொண்டுவந்து பறித்ததுபோல, கட்டடத்துக்கும் குவியலுக்கும் இடையில் சுத்தமான தார் வீதி.

வெடிப்புகளையும் பாருங்கள். நிலம் ஆடும்போது சுவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபடுகிறது. அதனால் யன்னல்களுக்கு இடைப்பட்ட சுவர்களில் பெருக்கல் குறிபோல் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விழும். யன்னல் மூலைகளில் இருந்து சாய்வாகவும் வெடிக்கும். அதாவது வெடிப்பு எங்கே பலவீனமோ அந்த வழியால் போகும். உருவாக்கிய படங்களில் பெரும்பாலும் வெடிப்பு வெய்யிலில் காய்ந்த குளத்துச் சேறுபோல எல்லா இடமும் ஒரே மாதிரிப் பரவியிருக்கும், சுவர், தூண், வீதி என்ற வித்தியாசம் இராது. வீதி பிளந்திருந்தால் பிளவின் இரு பக்கத்திலும் நடுக்கோட்டைப் பாருங்கள். நிலம் உண்மையில் விலகியிருந்தால் கோடும் விலகியிருக்கும். வீதி பாளமாகப் பிளந்தும் வெள்ளைக் கோடு நேர்கோடாகவே தொடர்ந்தால், அந்தப் பிளவு ஒரு கீறல் மட்டுமே.

ஒரே மாதிரி உடைந்த கற்கள்

திரும்பத் திரும்ப வரும் துண்டுகளைக் கண்டுபிடிப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். குவியலில் கண்ணில் படும் ஒரு துண்டைத் தெரிவுசெய்து, அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துச் சேமியுங்கள். பிறகு முழுப் படத்தையும் பெரிதாக்கி, அந்தத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இடமிருந்து வலமாக மெதுவாக நகருங்கள். வெட்டிய துண்டை ஒரு முறை இடவலமாகத் திருப்பியும் வைத்துப் பாருங்கள், கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்ட நகல்களும் வரும். போன் திரையைவிட மடிக்கணினித் திரையில் இது சுகம்.

எங்கள் படத்தில், கீழ் இடது மூலையில் ஆப்புப்போல் ஒரு வெட்டு விழுந்த சீமெந்துக் கல் இருந்தது. அதே வெட்டோடு, அதே சரிவோடு, அதே பக்கம் நிழலோடு குவியலின் நடுவில் இன்னொன்று. வலது ஓரத்தில் மூன்றாவது, கொஞ்சம் சின்னதாக. அவற்றுக்குப் பக்கத்தில் கிடந்த துண்டுகளும்கூட ஏறத்தாழ அதே ஒழுங்கில் கிடந்தன.

இங்கே புதியவர்கள் தடுமாறும் ஒரு இடம் உண்டு. ஒரே மாதிரி இருப்பதெல்லாம் பொய்யல்ல. சீமெந்துக் கல் அச்சில் செய்வது, ஓடு ஆலையில் செய்வது, யன்னல் சட்டங்கள் ஒரே தச்சர் செய்தவை. முழுதாகக் கிடக்கும் பத்து ஓடுகள் ஒன்றுபோல் இருப்பது இயல்பு. ஆனால் அவை உடைந்த விதம் ஒன்றுபோல் இருக்காது. உடைவு என்பது விழுந்த உயரம், பட்ட இடம், கல்லுக்குள் இருந்த பலவீனம் எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது, அது இரண்டு தடவை ஒரேமாதிரி நடப்பதில்லை. ஆகவே பொருளை ஒப்பிடாமல் முறிவை ஒப்பிடுங்கள்.

இணையத்தில் நகல் கண்டுபிடிக்கும் கருவிகள் சில உண்டு, படத்தின் ஒரு பகுதியை வெட்டி இன்னோர் இடத்தில் ஒட்டியிருந்தால் கோடு போட்டுக் காட்டும். அவை தேடுவது புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்போகும் பகுதிகளை. முன்பு புகைப்படத்தில் புகையைப் பெருக்கிக் காட்ட, இருந்த புகையையே வெட்டி ஒட்டுவார்கள், அதைப் பிடிக்க அவை உதவும். ஆனால் செயற்கை நுண்ணறிவு வெட்டி ஒட்டுவதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகவே வரைகிறது. அதனால் வருவது நகல் அல்ல, ஒரு தாய் பிள்ளைகள்போல் சாயல் ஒத்தவை. அந்தக் கருவி "நகல் இல்லை" என்று சொன்னால் படம் உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வேலைக்கு மனிதக் கண்தான் இன்னும் நல்லது.

இன்னொன்று, எனக்கு இதுதான் மிகவும் முக்கியமாகப் படுகிறது. உண்மையான இடிபாட்டில் ஒரு வாழ்க்கை கிடக்கும். தலையணை, பானை, பள்ளிக்கூடப் பை, காஸ் சிலிண்டர், நசுங்கிய மோட்டார் சைக்கிள், கதவோடு சேர்ந்து கிடக்கும் திரைச்சீலை. அளவிலும் பேதம் இருக்கும்: ஆள் உயரத் தட்டில் இருந்து மாவுபோன்ற தூசிவரை எல்லாம் கலந்து கிடக்கும், தூசி மேற்பரப்புகளில் எல்லாம் படிந்திருக்கும். உருவாக்கிய குவியலில் பெரும்பாலும் தேங்காய் அளவிலான சாம்பல் நிறக் கட்டிகளே நிறைந்திருக்கும். எங்கள் படத்தின் குவியலில் துணி ஒன்றுகூட இல்லை. நான்கு மாடியில் ஒரு கதவும் இருக்கவில்லையா?

சனத்தின் உயரம்

சனக்கூட்டத்தைச் சோதிக்கும்போது எல்லோரும் முகங்களைப் பெரிதாக்குகிறார்கள். அதைவிட உறுதியான வழி ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணம்போன்ற தட்டை நிலத்தில் அது மிக நன்றாக வேலைசெய்யும்.

வீதியின் இரண்டு ஓரங்களையும் தூரத்தை நோக்கி நீட்டினால் ஒரு புள்ளியில் சந்திக்கும். ரெயில் தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோலத் தெரிவது இதனால்தான். அந்தப் புள்ளி வழியாகப் படத்தின் குறுக்கே ஒரு படுகோடு போடுங்கள், போனில் படத்தின் மேல் கோடு கீறும் வசதியே போதும். அதுதான் அடிவானக் கோடு. படம் எடுத்தவரின் கமெரா எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரம்தான் அந்தக் கோடு. நிலம் தட்டையாக இருந்தால், கிட்ட நிற்பவரையும் தூர நிற்பவரையும் அது ஒரே உயரத்தில் வெட்டும். முன்னால் நிற்பவரின் நெஞ்சை வெட்டினால், நூறு யார் தள்ளி நிற்பவரின் உருவம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அவரின் நெஞ்சைத்தான் வெட்டவேண்டும். பிள்ளைகளும் உயரமானவர்களும் கொஞ்சம் வேறுபடுவார்கள், அவ்வளவுதான்.

எங்கள் படத்தில் கோடு போட்டபோது முன்வரிசையில் ஓடிவருகிறவரின் நெஞ்சை அது வெட்டியது. அதாவது கமெரா நிலத்தில் இருந்து ஏறத்தாழ 4 அடி உயரத்தில் இருக்கிறது. குவியலுக்குப் பக்கத்தில், அதே வீதியில், அதே தட்டை நிலத்தில் நிற்கும் சேலை உடுத்த பெண்ணை அதே கோடு முழங்காலில் வெட்டியது. முழங்கால் ஒருவரின் உயரத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு. கால் பங்கு 4 அடி என்றால் அந்தப் பெண்ணின் உயரம் 16 அடி. இதைப் பிள்ளைகள் தாங்களே பெருக்கிப் பார்த்தார்கள். படத்தை வெறுங்கண்ணால் பார்த்தபோது இந்தப் பிழை ஒருவருக்கும் தெரியவில்லை. கோடு போட்டதும் மறைக்கமுடியாமல் போனது.

ஒரு எச்சரிக்கை: யாராவது மதில் மேலோ படியிலோ குவியல் மேலோ ஏறி நின்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. கால் நிலத்தில் படுவது தெரிகிறவர்களை மட்டும் எடுங்கள்.

கூட்டத்தின் நடத்தையும் சொல்லும். ஒரு கட்டடம் விழுந்த இடத்தில் எல்லோரும் ஒரே வேலை செய்வதில்லை. சிலர் கல்லைத் தூக்குவார்கள், சிலர் போனில் படம் எடுப்பார்கள், சிலர் அழுகிறவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், சிலர் மேலே எதையோ கைநீட்டிக் காட்டுவார்கள், சிலர் வெறுமனே நிற்பார்கள். உருவாக்கிய கூட்டத்தில் அநேகமாக எல்லோரும் கமெராவை நோக்கியே ஓடிவருகிறார்கள். வாய் திறந்த விதமும் ஒன்று. அப்பா பிள்ளையின் கையைப் பிடித்திருப்பார், அந்தக் கை யாருடையது என்று தொடர்ந்து பார்த்தால் பக்கத்தில் நிற்கும் வேறொருவரின் தோளில் போய் முடியும். மூன்றாம், நான்காம் வரிசைக்குப் போகப்போக உருவங்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிவிடும். தலைகளை எண்ணி, கீழே கால்களையும் எண்ணுங்கள், மறைந்தவற்றுக்கு விட்டுக்கொடுத்து எண்ணினாலும் கணக்கு ஒத்துவராது. 2023 மே 22ஆம் திகதி அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமான பென்டகனுக்குப் பக்கத்தில் வெடிப்பு என்று பரவிய பொய்ப்படத்தில், கட்டடத்தின் முன்னால் இருந்த வேலி சனத்தைத் தடுக்கும் கம்பித் தடுப்போடு உருகிக் கலந்திருந்தது. அந்தப் படம் அமெரிக்கப் பங்குச் சந்தையையே சிறிது நேரம் சரியவைத்தது.

தீயைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். யன்னலால் தீ வெளியே வந்தால் அந்த யன்னலுக்கு மேலே சுவர் கரிபிடித்திருக்கும், கண்ணாடியும் அநேகமாக முழுதாக இராது. எங்கள் படத்தில் வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருந்தது. இரண்டாவது, ஒரே வீதியில் ஒரே உயரத்தில் எழும் புகைகள் பொதுவாக ஒரே பக்கம்தான் சாயும், கொடிகளும் அந்தப் பக்கமே பறக்கும். மூன்றாவது, இரவுப் படம் என்றால் தீக்கு முகம் காட்டி நிற்கிறவர்களின் முகத்தில் செம்மஞ்சள் ஒளி விழவேண்டும், முதுகு இருட்டாக இருக்கவேண்டும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: தீ கல்லையும் கொங்கிறீட்டையும் விழுங்கிவிடுவதில்லை. 1981இல் எங்கள் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின, கட்டடத்தின் சுவர்கள் நின்றன. தீயில் ஒரு கல் கட்டடம் உருகிப் பாகாய் வழிவதாகக் காட்டும் படம் தீயைப் பற்றியே பொய் சொல்கிறது.

உண்மைப் படமும் பொய்போல் தோன்றும்

இந்தச் சோதனைகளைக் கற்றுக்கொண்ட பிறகு வரும் ஆபத்து, எல்லாவற்றையும் பொய் என்று தள்ளிவிடுவது. உண்மையில் துன்பப்பட்ட ஒருவரின் படத்தை "இது ஏஐ" என்று நாங்கள் சொல்லிவிட்டால், அது அவருக்குச் செய்யும் கொடுமை. அதனால் இந்தப் பகுதியை நன்றாக மனதில் எடுங்கள்.

1964இல் யப்பானின் நீகாட்டா நகரில் நிலநடுக்கம் வந்தபோது, தொடர்மாடிக் கட்டடங்கள் சில பெரிதாக உடையாமல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தன. ஒன்று முழுதாகவே படுத்துவிட்டது. கீழே இருந்த ஈர மணல் குலுங்கிக் கூழ்போல் ஆனதே காரணம். அந்தப் புகைப்படங்கள் உண்மையானவை, இன்றைக்கு வந்தால் அநேகர் நம்பமாட்டார்கள். 2023 ஓகஸ்டில் ஹவாயின் லஹைனா நகரம் எரிந்தபோது, சுற்றிவர எல்லாம் சாம்பலாகியும் சிவப்புக் கூரை போட்ட ஒரு வீடு நின்றது. 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் தீயில் வீடுகள் சாம்பலாகிக் கிடக்க, பக்கத்து மரங்கள் பச்சையாக நின்ற படங்களைப் பலர் சந்தேகித்தார்கள். பச்சை மரத்தில் நீர் இருக்கிறது, அது இலகுவில் பற்றாது. காற்றில் பறக்கும் தணல் கூரை இடுக்காலும் காற்றுத் துவாரத்தாலும் உள்ளே போய் வீட்டை எரித்துவிடும். விளக்கம் இருக்கிறது, எங்களுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

கமெராவும் குழப்பும். அகலப்படம் எடுக்கும்போது நடந்துபோன ஒருவர் இரண்டு இடத்தில் பதிவாகலாம். தூரத்தை இழுத்து எடுக்கும்போது சில போன்கள் தாமே விவரங்களை நிரப்பும், அதனால் பெயர்ப்பலகை எழுத்துகள் சிதைந்து புழுப்போல் நெளியும். வட்ஸ்அப்பில் பலமுறை கைமாறிய படத்தில் முகங்கள் மெழுகுபோல் வழுவழுப்பாகிவிடும். ஆகவே மங்கல், சிதைந்த எழுத்து, இரட்டை ஆள் என்பவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அவை கமெராவாலும் வரும். 16 அடி உயரமான பெண்ணும், கட்டடத்தை விட்டு விலகிக் கிடக்கும் குவியலும், மூன்று கல்லில் ஒரே முறிவும் சாதாரணமாக எடுத்த ஒரு படத்தில் கமெராவால் வரக்கூடியவை அல்ல. அப்படியானவை குறைந்தது இரண்டு கிடைத்தால் படம் உருவாக்கியது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஒன்றுமே கிடைக்காவிட்டால்? அப்போதும் படம் உண்மை என்று ஆகிவிடாது, மென்பொருள்கள் மாதாமாதம் தேறிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த இடத்தில் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வெளியே தேடவேண்டும். அனுப்பியவரிடம் மூலப் படத்தை டொக்கியூமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்படி அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்காது. கூகுள் லென்ஸில் போட்டு, அதே படம் வேறு ஊரின் பெயரோடு முன்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். நிலநடுக்கம் என்றால் இன்னும் இலகு. இலங்கை பெரிய நிலத்தட்டு ஒன்றின் உட்பகுதியில், தட்டு ஓரங்களில் இருந்து தள்ளி இருக்கிறது, இங்கே சின்ன அதிர்வுகள் வருவதுண்டு. நான்கு மாடியை வீழ்த்தும் அளவிலான ஒன்று வந்தால் பல்லேகலையில் உள்ள நிலையம் முதற்கொண்டு உலகெங்கும் உள்ள கருவிகளில் பதிவாகும். அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களத்தின் earthquake.usgs.gov பக்கத்தில் சிறிது நேரத்திலேயே அதன் இடமும் அளவும் வந்துவிடும். உள்ளூர்ச் செய்திக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் இருக்கிறது. லொஸ் ஏஞ்சலிஸ் தீயின்போது ஹொலிவுட் பெயர்ப்பலகை எரிவதாகப் பொய்ப்படங்கள் பரவின. அந்தப் பலகையை எந்நேரமும் காட்டும் நேரலைக் கமெராவைத் திறந்து பார்த்தவர்களுக்குப் பலகை பத்திரமாக இருப்பது தெரிந்தது.

கடைசியாகக் கேட்கவேண்டியது இன்னொரு கோணத்தில் எடுத்த படம். நகர நடுவில் கட்டடம் விழுந்தால் ஒருவர் மட்டும் படம் எடுப்பதில்லை. அரை மணி நேரத்தில் எதிர்ப்பக்கக் கடை மாடியில் இருந்தும், சந்தியில் இருந்தும், ஓட்டோவுக்குள் இருந்தும் படங்கள் வரும். இரண்டு படம் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிற்கும் பாதியில் ஒரு மாடிக்கு எத்தனை யன்னல் என்று எண்ணுங்கள். எந்த மாடியில் வெளிவிறாந்தை, தண்ணீர்த் தாங்கி எந்த மூலையில், எந்தத் தூண் முறிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எங்கள் கட்டடத்தையே பின்பக்கத்தில் இருந்து காட்டும்படி மென்பொருளிடம் மறுபடி கேட்டோம். நான்கு மாடி ஐந்தாகி வந்தது, இடிந்திருந்த பாதி இடம் மாறியிருந்தது.